ஓவர்ரன் கணக்கில் எதால் வகுப்பது?

கலவை உறையும்போது காற்று புகுந்து அதன் கன அளவு எத்தனை சதவீதம் கூடுகிறது என்பதே ஓவர்ரன். ஐஸ்கிரீம் பாடத்தில் இந்தக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான். 1 லிட்டர் கலவையின் எடை 1100 கிராம், உறைந்தபின் அதே 1 லிட்டர் ஐஸ்கிரீமின் எடை 550 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 550. இதை ஐஸ்கிரீமின் எடையால் வகுத்தால் ஓவர்ரன் 100 சதவீதம். பழக்கதோஷத்தில் கலவையின் எடையால் வகுத்தால் 50 வரும், அது தவறு. கன அளவு கொடுத்திருந்தால் மட்டும் கலவையின் அளவால் வகுக்க வேண்டும்.

அடுத்தது உறைநிலைத் தாழ்வு. இங்கே எடையைவிடக் கரைந்த மூலக்கூறுகளின் எண்ணிக்கையே முக்கியம். சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342, டெக்ஸ்ட்ரோஸுக்கு 180. ஆகவே ஒரே எடை சேர்த்தாலும் டெக்ஸ்ட்ரோஸ் சுமார் 1.9 மடங்கு அதிகமாக உறைநிலையைத் தாழ்த்தும். ஐஸ்கிரீம் இளகலாக இருக்கும். கொழுப்பு நீரில் கரையாது, அதனால் நேரடிப் பங்கு இல்லை. கலவை சுமார் −2.5°செ.யில் உறையத் தொடங்கும். நீர் பனியாகப் பனியாக மீதிக் கரைசலில் சர்க்கரை செறிந்து, உறைநிலை இன்னும் கீழே போகும்.

'நிலைப்படுத்தி உறைநிலையைத் தாழ்த்துமா?' என்பது பிடித்தமான பொறிக்கேள்வி. குவார் கம் போன்றவை மிகப்பெரிய மூலக்கூறுகள், 0.2–0.5 சதவீதமே சேர்ப்பதால் உறைநிலை அசையாது. உறையாத நீரைக் கெட்டியாக்கி, ஃப்ரீசர் வெப்பம் ஏறி இறங்கும்போது பனிப்படிகங்கள் பெரிதாவதைத் தாமதப்படுத்துவதே அவற்றின் வேலை. நிலைப்படுத்தி குறைந்தால் ஐஸ்கிரீம் நாக்கில் நறநறக்கும். கூடினால் பசைபோல் இழுக்கும்.