பணமா, கடன் பத்திரமா? ஊக நோக்கப் பணத் தேவையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பணத்தைச் சும்மா வைத்திருந்தால் வட்டி கிடையாது. கடன் பத்திரம் வாங்கினால் வட்டி உண்டு. அப்படியிருந்தும் சிலர் விவரம் தெரிந்தே பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இப்படிக் காத்திருப்பதற்காக வைத்திருக்கும் பணத்தைத்தான் ஊக நோக்கப் பணத் தேவை என்கிறோம். ஏன் காத்திருக்கிறார்கள் என்று பொருளியலாளர் கீன்ஸ் 1936-இல் விளக்கினார். பத்திரத்தின் விலை நாளை என்ன ஆகும் என்ற எதிர்பார்ப்புதான் இதில் முக்கியம். காகிதமும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: விலையைக் கண்டுபிடியுங்கள்

முதிர்வுத் தேதியே இல்லாமல் ஆண்டுக்கு 5 வட்டி தந்துகொண்டே இருக்கும் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் கன்சால் என்ற பெயரில் இந்த மாதிரிப் பத்திரங்கள் நெடுங்காலம் புழங்கின. நாணயம் எதுவானாலும் சரி, எண்களை மட்டும் பாருங்கள்.

```
விலை = ஆண்டு வட்டித் தொகை / சந்தை வட்டி வீதம்
```

சந்தை வட்டி வீதம் 4% என்றால் விலை 5 / 0.04 = 125. வீதம் ஏறினால் விலை இறங்கும். பழைய பத்திரம் தரும் 5 மாறாது, புதிய பத்திரமோ அதைவிடக் கூடுதலாகத் தரும். அப்போது பழையதை யாரும் 125 கொடுத்து வாங்கமாட்டார்கள்.

படி 2: ஓர் ஆண்டு கழித்து என்ன மிஞ்சும்?

இன்று 125 கொடுத்து வாங்குகிறீர்கள். அடுத்த ஆண்டு வீதம் 4.2% ஆகும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்போது விலை 5 / 0.042, அதாவது ஏறத்தாழ 119.05. விலையில் 5.95 போய்விட்டது, வட்டியாக 5 வந்தது. நிகரமாக 0.95 நஷ்டம். வெறும் 0.2 சதவீதப் புள்ளி ஏற்றம் ஓர் ஆண்டு வட்டியை முழுசாக விழுங்கி, முதலிலும் கொஞ்சம் கடித்துவிட்டது! பணத்தை வைத்திருந்தால் லாபம் பூஜ்யம், ஆனால் நஷ்டமும் பூஜ்யம். ஆக இந்த எதிர்பார்ப்பு உள்ளவருக்குப் பணமே மேல்.

ஆனால் வீதம் 4.1% மட்டுமே ஆகும் என்று நினைத்தால்? விலை 121.95, இழப்பு 3.05, வட்டி 5. நிகரமாக 1.95 லாபம். அதனால் ‘வீதம் ஏறப்போகிறது, பத்திரம் வேண்டாம்’ என்று உடனே முடிவு கட்டக்கூடாது. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். விலை இழப்பு வட்டியைத் தாண்டுகிறதா என்பதே கேள்வி.

படி 3: எல்லைக்கோட்டைக் கண்டுபிடியுங்கள்

விலை சரியாக 5 குறைந்து 120 ஆனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அப்போது வீதம் 5 / 120 = 4.17%. இதைத் திருப்பிப் போட்டு, எதிர்பார்க்கும் வீதம் இதுவென்றால் இன்றைய வீதம் எவ்வளவு இருந்தால் லாபமும் நஷ்டமும் இராது என்று கேட்டால், பொதுச் சூத்திரம் கிடைக்கும்:

```
எல்லை வீதம் = எதிர்பார்க்கும் வீதம் / (1 + எதிர்பார்க்கும் வீதம்)
```

இன்றைய வீதம் இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் பணம், மேலே இருந்தால் பத்திரம்.

இதையே 2% வீதத்தில் செய்து பாருங்கள். விலை 250. அது 245 ஆனாலே வட்டி காலி. அதற்கு வீதம் 2.04% ஆனால் போதும்! 4%-இல் 0.17 புள்ளி ஏற்றத்தைத் தாங்கிய பத்திரம், 2%-இல் 0.04 புள்ளியைக்கூடத் தாண்டமுடியாமல் நிற்கிறது. வீதம் குறையக் குறையப் பத்திரம் ஏன் ஆபத்தாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ‘வட்டி குறைவு, அதனால் பணத்தை வைத்திருப்பதில் பெரிய இழப்பில்லை’ என்பது பாதிக் காரணம்தான்.

படி 4: பலரையும் சேர்த்துப் பாருங்கள்

தனி ஒருவர் இந்தக் கணக்கில் முழுக்கப் பணம் அல்லது முழுக்கப் பத்திரம் என்றுதான் முடிவெடுப்பார். சந்தையில் எல்லாருடைய எதிர்பார்ப்பும் ஒன்றாக இருக்காது. ஆளுக்கு 1000 வைத்திருக்கும் மூவர், வீதம் முறையே 3%, 4%, 5% ஆகும் என்று நினைக்கிறார்கள். அவர்களின் எல்லை வீதங்கள் 2.91%, 3.85%, 4.76%.

இன்றைய வீதம் 5% என்றால் மூவரும் பத்திரத்தில், பணத் தேவை பூஜ்யம். 4.5%-இல் மூன்றாமவர் மட்டும் பணத்துக்கு மாறுவார், தேவை 1000. 3.5%-இல் அது 2000, 2.5%-இல் 3000. ஆட்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது இந்தப் படிக்கட்டு வழவழப்பான, கீழ்நோக்கிச் சரியும் கோடாகிவிடும். அதுதான் பாடநூலில் வரும் ஊக நோக்கப் பணத் தேவைக் கோடு.

கணக்கு எங்கே பொருந்தாது?

விரைவில் முதிரும் பத்திரத்தின் விலை இவ்வளவு ஆடாது. அதனால் வீதம் ஏறும் என்று பயப்படுபவர், வட்டி தரும் குறுகியகாலப் பத்திரத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம், பணமாகத்தான் வைத்திருக்க வேண்டும் என்றில்லை. இன்னொன்று, நிஜத்தில் பலரும் இரண்டையும் கலந்தே வைத்திருக்கிறார்கள். அதை விளக்க, பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1958-இல் ஒரே எண்ணாக இருந்த எதிர்பார்ப்பை விட்டுவிட்டு, விலை மேலும் போகலாம் கீழும் போகலாம் என்ற நிச்சயமின்மையைக் கணக்கில் சேர்த்தார். சராசரியாக விலை மாறாது என்று நினைப்பவரும் அந்த ஆபத்தை விரும்பாவிட்டால், கொஞ்சம் பத்திரம், கொஞ்சம் பணம் என்று பிரித்து வைப்பார்.