அம்மீட்டர் குறைத்துக் காட்டுகிறதா? சி.டி. வயரைக் கழற்றும் முன்

மண்டபத்திலிருந்து தொண்டி வரை கடலோரத்து ஐஸ் ஆலைகளின் மின்பலகைகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் இணைப்புகள்தான். உப்புக் காற்று புகுந்து டெர்மினலில் பச்சை படியும். பிறகு அம்மீட்டர் குறைத்துக் காட்டும், அல்லது முள் ஆடும். மீட்டர்தான் பழுது என்று முடிவுகட்டி, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சி.டி. வயரைக் கழற்றுவதுதான் இங்கே நடக்கும் மிக ஆபத்தான தவறு. சி.டி. என்பது மெயின் கேபிளின் பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தரும் கரன்ட் டிரான்ஸ்பார்மர்.

கம்ப்ரசர் மோட்டாரின் ஃபீடரில் 200/5 சி.டி. ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெயினில் 200 ஆம்பியர் ஓடினால் அதன் செகண்டரியில் 5 ஆம்பியர் ஓடும். அதன் பர்டன், அதாவது அளவு பிசகாமல் அது தாங்கும் சுமை, 5 வி.ஏ. அதாவது, செகண்டரியில் 5 ஆம்பியர் ஓடும்போது அதனுடன் இணைந்த மீட்டர், வயர், மூட்டு எல்லாவற்றின் தடையும் சேர்ந்து 0.2 ஓமைத் தாண்டக்கூடாது. ஐந்தை ஐந்தால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் வருவதுதான் வி.ஏ. மீட்டர் அதே பலகையில் இருந்தால் இந்த வரம்பு தாராளமாகப் போதும்.

மீட்டர் அலுவலக அறையில் இருந்தால் வசதி என்று 30 மீட்டர் தள்ளி மாட்டுகிறார்கள். போக 30, வர 30. 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 60 மீட்டருக்குத் தடை சுமார் 0.44 ஓம். வயர் மட்டுமே 11 வி.ஏ. கேட்கிறது! இவ்வளவு தடையில் மின்னோட்டத்தைத் தள்ளத் தேவையான மின்னழுத்தத்தைத் தருவதற்கு சி.டி.யின் உள்ளகத்தை அதிகக் காந்தமாக்க வேண்டியிருப்பதால், உண்மையான மின்னோட்டத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், அளவு குறையும். 10 சதுர மி.மீ. வயர் போட்டால் சுமார் 2.75 வி.ஏ. ஆகும். 1 ஆம்பியர் செகண்டரி உள்ள சி.டி.யாக இருந்தால், அதே 2.5 வயரிலேயே அரை வி.ஏ.கூட வராது. தூரம் அதிகமென்றால் என் தேர்வு 1 ஆம்பியர் சி.டி.தான்.

பச்சை பிடித்த மூட்டும் இதே வேலையைச் செய்கிறது. மூட்டில் 0.4 ஓம் கூடினால், 5 ஆம்பியரில் அது மட்டுமே 10 வி.ஏ. இதை வயரைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். வயரைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரை மெயின் கேபிளில் மாட்டுங்கள். 150 ஆம்பியர் என்றால் செகண்டரி வயரில் 3.75 வர வேண்டும். அது வந்தும் அம்மீட்டர் குறைத்துக் காட்டினால் கோளாறு அம்மீட்டரில். செகண்டரியிலேயே குறைந்தால் மூட்டையும் வயரையும் பாருங்கள்.

கழற்றினால் என்ன ஆகும்? மெயின் கேபிளில் ஓடும் 150 ஆம்பியரைத் தீர்மானிப்பது மோட்டார், சி.டி. அதைக் குறைக்க முடியாது. சாதாரணமாகச் செகண்டரியின் 40 சுற்றில் ஓடும் 3.75 ஆம்பியர், அந்த 150 ஆம்பியர்-சுற்றையும் ஏறக்குறைய முழுமையாக ஈடுகட்டிவிடும். உள்ளகத்துக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். சுற்று அறுந்த கணமே ஈடுகட்ட ஆளில்லை. 150-ம் உள்ளகத்தைக் காந்தமாக்குகிறது. உள்ளகம் நிறைவடைந்து, ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் காந்தப்பாயம் சட்டென்று திசை மாறும்போது, திறந்த முனைகளில் கூர்மையான அழுத்தம் எழுகிறது. சி.டி.யின் அளவைப் பொறுத்து அது சில நூறு வோல்ட்டும் ஆகலாம், ஆயிரங்களையும் தொடலாம். அந்த நேரத்தில் அம்மீட்டர் பூஜ்யம் காட்டும் என்பதுதான் கொடுமை: மின்சாரம் இல்லை என்று நினைத்துக் கை போகும்.

மின்னழுத்தத்தை அளக்க உதவும் பொட்டன்ஷியல் டிரான்ஸ்பார்மரான பி.டி.யில் கதை தலைகீழ். அதன் 110 வோல்ட் செகண்டரி திறந்திருந்தால் குற்றமில்லை, ஷார்ட் ஆனால்தான் எரியும். அதனால் அங்கே ஃபியூஸ் உண்டு. அந்தப் பழக்கத்தில் சி.டி. சுற்றிலும் ஃபியூஸ் போட்டுவிடாதீர்கள். ஃபியூஸ் போனால் சுற்று திறந்துவிடும்.

முடிந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டே வேலை செய்யுங்கள். நிறுத்த முடியாத இடத்தில், பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வரிசை இது: டெஸ்ட் பிளாக்கில் சி.டி. பக்கத்தில், செகண்டரியின் இரு முனைகளையும் நேராக இணைக்கும் ஷார்ட்டிங் லிங்க்கைப் போட்டு இறுக்க வேண்டும். அம்மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியதையும், சி.டி.யிலிருந்து வரும் வயரில் டாங் டெஸ்டர் இன்னும் 3.75 காட்டுவதையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே மீட்டர் பக்கத்து வயரைத் தொடலாம். லிங்க்கிலேயே உப்பு படிந்திருந்தால் அதை நம்பக்கூடாது. திரும்ப மாட்டும்போது மீட்டர் இணைப்பை இறுக்கிய பிறகே லிங்க்கைத் திறக்க வேண்டும். மின்வாரியத்தின் முத்திரை உள்ள பெட்டியானால் வாரியத்துக்குத் தகவல் சொல்வதோடு நம் வேலை முடிந்தது.

ஏற்கெனவே திறந்து கிடக்கும் சி.டி. உறுமும், சூடாகும், முனையில் பொறி தெரியும். அப்போது வயரைப் பிடித்து மாட்டப் போகாமல் பிரேக்கரை நிறுத்துங்கள். சரிசெய்த பின்னும் உள்ளகத்தில் காந்தம் தங்கியிருந்தால் அளவு பிசகும். ஆகவே காந்தநீக்கம் செய்து, இன்சுலேஷனையும் விகிதத்தையும் சோதித்த பிறகே அந்த சி.டி.யை மீண்டும் சேர்க்க வேண்டும்.