கோட்டினின் பரிசோதனை: டேர்ம் இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, நான் சிகரெட்டை விட்டு நாலு மாசம் ஆச்சு. டெஸ்ட்ல பாசிட்டிவ்னு போட்டிருக்காங்க. லேப்ல சாம்பிள் மாறிப்போச்சா?"

டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்து மெடிக்கல் கொடுத்துவிட்டு மதுரையிலிருந்து பேசிய அந்தத் தம்பிக்கு வயது 34. குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. வீட்டில் மனைவி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மறைச்சு மறைச்சு ஊதுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "வாயில எதுவும் மெல்றீங்களா தம்பி?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நிகோடின் கம் மட்டும்தான்ணே. டாக்டர் சொன்னது. ரெண்டு மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஆறு."

சாம்பிள் மாறவில்லை. பரிசோதனை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அது எதைப் பார்க்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. ஆயுள் காப்பீட்டு ஆலோசகராக நான் பார்த்தவரை, இந்தப் பரிசோதனையில் சிக்கலுக்கு ஆளாகும் பலரும் பொய்யர்கள் இல்லை. புரிதலில் தவறியவர்கள். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

புகையிலையில் இருக்கும் நிகோடின் ரத்தத்தில் நெடுநேரம் தங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். காலையில் பிடித்த சிகரெட்டின் நிகோடினை மறுநாள் தேடினால் கிடைப்பது கடினம். ஆனால் கல்லீரல் அந்த நிகோடினில் முக்கால் பங்கு அளவுக்கு இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அதுதான் கோட்டினின். அது பாதியாகக் குறையச் சுமார் 16 மணி நேரம் ஆகும். அதனால் கடைசியாகப் புகைத்து நாள்கள் ஆன பிறகும் ரத்தம், உமிழ்நீர், சிறுநீர் மூன்றிலும் அதைக் காண முடிகிறது. சிறுநீரில் அது ரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவாக இருப்பதாலும், ஊசி தேவைப்படாததாலும் காப்பீட்டு மெடிக்கலில் பெரும்பாலும் சிறுநீரைத்தான் கேட்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் என்பது பரவலாக வைக்கப்படும் எல்லை. அதைத் தாண்டினால் பாசிட்டிவ்.

ஆக, கோட்டினின் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கடந்த சில நாள்களில் இந்த உடம்புக்குள் நிகோடின் போயிருக்கிறது. புகையாகப் போனதா, ஹான்ஸாகக் கன்னத்தில் ஒதுங்கியதா, வெற்றிலையோடு மென்ற புகையிலையா, மருந்துக் கடை கம்மா, பேட்சா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மதுரைத் தம்பியின் கணக்கைப் பாருங்கள். 2 மில்லிகிராம் கம்மில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். ஆறு கம் என்றால் ஆறு மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதும் ஒரு மில்லிகிராம் அளவுதான். அதாவது, பரிசோதனையின் கண்ணுக்கு அவர் தினமும் ஆறு சிகரெட் பிடிப்பவர். ரிப்போர்ட்டில் இருந்த எண் 360. கணக்கோடு அது பொருந்தவே செய்தது.

கம்முக்கும் புகையிலைக்கும் வேறுபாடு காட்ட வேறொரு பரிசோதனை உண்டு. புகையிலைச் செடியில் அனபசின் என்ற பொருளும் கொஞ்சம் இருக்கிறது. மருந்தாகத் தயாரிக்கும் நிகோடினில் அது இருக்காது. கோட்டினின் இருந்து அனபசின் இல்லை என்றால், உள்ளே போனது இலை இல்லை என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கும். ஆனால் சாதாரண காப்பீட்டு மெடிக்கலில் இதை யாரும் தானாகச் செய்வதில்லை. கேட்டுப் பார்க்கலாம், மருத்துவரின் சீட்டையும் கம் வாங்கிய பில்லையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதன் பிறகும் நிறுவனம் "எந்த வடிவிலும் நிகோடின்" என்ற விதியைக் காட்டிப் புகைப்பவருக்கான பிரீமியத்தையே கேட்கக்கூடும். அதனால் மெடிக்கலுக்கு வந்தவரிடம் மட்டும் சொல்லாமல், படிவத்திலேயே "புகைப்பதை இன்ன மாதம் விட்டேன், இப்போது நிகோடின் கம் பயன்படுத்துகிறேன்" என்று எழுதிவிடுங்கள். தம்பி எழுதவில்லை. "சிகரெட்டு பத்திதானே கேக்குறாங்க" என்று நினைத்துவிட்டார். படிவத்தை எடுத்துப் படிக்கச் சொன்னேன். "புகையிலை அல்லது நிகோடின் பொருள்கள், எந்த வடிவிலும், கடந்த 12 மாதங்களில்" என்று இருந்தது.

இதே தவறைப் புகைக்காமல் மெல்லுகிறவர்களும் செய்கிறார்கள். "நான் ஸ்மோக்கர் இல்லையே" என்று இல்லை போட்டுவிடுவார்கள். வெறும் வெற்றிலை பாக்கு கோட்டினினைக் காட்டாது, பாக்கில் இருப்பது வேறு பொருள். அதோடு ஒரு துளி புகையிலை சேர்ந்தால் கதையே வேறு. மென்று ஒதுக்குபவர்களின் அளவு சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சற்றும் குறைவதில்லை.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. "மெடிக்கலுக்கு நாலு நாள் முன்னாடி நிறுத்திட்டா போதும், தண்ணி நிறைய குடி" என்று ஊர் முழுக்க ஆலோசனை சொல்கிறார்கள், சில நேரம் ஏஜென்ட்களே சொல்கிறார்கள். தண்ணீர் விஷயம் எளிது. சிறுநீர் மிகவும் நீர்த்திருந்தால் சிறுநீரில் எப்போதும் இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவைப் பார்த்து லேப் கண்டுபிடித்துவிடும், மறுபடி சாம்பிள் கேட்பார்கள். நாலு நாள் விஷயம் அப்படி இல்லை. 16 மணி நேரத்துக்குப் பாதி என்ற கணக்கில் 1600 இருந்த அளவு 200-க்கு இறங்க இரண்டு நாள்தான். ஆளுக்கு ஆள் இது மாறும், மெதுவாகக் கரைப்பவர்களுக்கும் அதிகம் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு வாரம் ஆகலாம். எப்படியோ, நெகட்டிவ் வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

ஏனென்றால் பரிசோதனை பார்ப்பது சில நாள்களை. படிவம் கேட்பது 12 மாதங்களை, சில படிவங்களில் அதற்கும் மேலே. பாலிசி நிற்பது படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பதிலின் மேல்தான். நெகட்டிவ் ரிப்போர்ட் அந்தப் பதிலை உண்மையாக்கிவிடாது. அப்படி மறைத்தவர் இரண்டாம் ஆண்டில் மாரடைப்பில் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாலிசி எடுத்துச் சீக்கிரமே வரும் கிளைமை நிறுவனம் விசாரிக்கும். மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை வாங்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் மனைவியோ தம்பியோ பதற்றத்தில் சொன்ன "பத்து வருஷமா சிகரெட் பிடிப்பார் டாக்டர்" என்ற வரி அங்கே எழுதப்பட்டிருக்கும். கோட்டினின் அன்று நெகட்டிவ்வாக இருந்தது அந்த வரிக்கு முன்னால் நிற்காது. நாமினியாக இருக்கும் அந்தப் பெண்மணிதான் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, 3 ஆண்டு ஓடிய பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்விக்குள்ளாக்க முடியாது. அதைச் சொல்லித் தைரியம் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகி, பிறகு புதுப்பித்தால், அந்த 3 ஆண்டு புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி எண்ணப்படும். அந்த இடைவெளியில் உயிர் போகாது என்று யார் உறுதி கொடுப்பது? அந்த 3 ஆண்டுக்குள் மோசடி என்று நிரூபணமானால் கட்டிய பிரீமியம்கூடத் திரும்ப வராது.

நிறுவனம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. டேர்ம் பாலிசியின் விலை முழுக்க மரண வாய்ப்பின் மேல் போட்ட கணக்கு. புகைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றவர்களைவிடப் பல பத்தாண்டு ஆய்வுகளில் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. வெறுமனே கேட்டால் பலர் மறைக்கிறார்கள். அதற்காகத்தான் ஒரு பரிசோதனை. பிரீமியம் பாதிக்கு மேல் கூடுவது இங்கே சாதாரணம்.

வேலை கொடுப்பவர்கள் இதைக் கேட்பது பெரும்பாலும் அமெரிக்காவில். அங்கே மருத்துவக் காப்பீட்டில் முதலாளியும் பங்கு கட்டுவதால், ஆண்டுதோறும் பதிவுக் காலத்தில் "புகையிலை பயன்படுத்துகிறீர்களா" என்று உறுதிமொழி வாங்குகிறார்கள், சில இடங்களில் கோட்டினினும் எடுக்கிறார்கள். புகையிலைக்காக வசூலிக்கும் கூடுதல் தொகை, காப்பீட்டுச் செலவில் 50 சதவீதம் வரை போகலாம். கிளீவ்லண்ட் கிளினிக் என்ற பெரிய மருத்துவமனை, பரிசோதனையில் பாசிட்டிவ் வருபவர்களை வேலைக்கே எடுப்பதில்லை என்ற விதியை 2007-இல் கொண்டுவந்தது. அங்கே இருக்கும் நம்மவர்கள் செய்யும் தவறு வேறு வகை: கூடுதல் தொகையை ஊதியத்திலிருந்து கழிய விட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். புகையிலையை விட உதவும் வகுப்பு போன்ற மாற்று வழி ஒன்றை நிறுவனம் தந்தாக வேண்டும், அதை முடித்தால் அந்த ஆண்டின் முழுச் சலுகையும் கிடைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே பார்க்க விற்கும் ஸ்ட்ரிப்பை வாங்கி ஏமாறுபவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டு கோடு என்றால் பாசிட்டிவ். கோட்டினின் ஸ்ட்ரிப் பொதுவாக நேர்மாறு. கோட்டினின் இருந்தால்தான் இரண்டாவது கோடு தோன்றாமல் போகும். சி என்ற இடத்தில் மட்டும் கோடு இருந்தால் பாசிட்டிவ். டி-யிலும் கோடு இருந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் நெகட்டிவ். இரண்டு கோட்டைப் பார்த்துப் பதறியவர்களையும், ஒற்றைக் கோட்டைப் பார்த்து நிம்மதியானவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சி-யிலும் கோடு இல்லையென்றால் ஸ்ட்ரிப் பழுது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

"பக்கத்து சீட்டுக்காரர் ஊதினார்", "கத்தரிக்காய் சாப்பிட்டேன்" என்று விளக்கம் எழுதாதீர்கள். அடுத்தவர் புகையால் சிறுநீரில் சேர்வது பொதுவாக 200-க்கு வெகு கீழே நின்றுவிடும். கத்தரிக்காயில் நிகோடின் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் ஒரு சிகரெட்டின் அளவு வர ஏறக்குறைய பத்து கிலோ சாப்பிட வேண்டும்.

ஒரு விளக்கம் மட்டும் உண்மையானது, அதை யாரும் எழுதுவதில்லை. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குத் தூளும் இலையும் நாள் முழுக்கக் கையில். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோடின் உள்ளே போகும், வாயில் ஒன்றையும் வைக்காதவர்களுக்கும் சிறுநீரில் கோட்டினின் தெரியும். தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று போட்டுவிட்டுப் பிறகு பாசிட்டிவ் வந்தால், அந்த அக்கா சொல்வதை யார் நம்புவார்? பீடி சுற்றும் தொழில் என்று முதலிலேயே எழுதியிருந்தால் ரிப்போர்ட்டைப் படிப்பவருக்குக் காரணம் கையில் இருக்கும்.

மதுரைத் தம்பி படிவத்தைத் திருத்திக் கொடுத்தார். நிறுவனம் கூடிய பிரீமியம் கேட்டது. மகளுக்கு இரண்டு வயது, காத்திருக்க அவருக்கு மனமில்லை. காப்புத்தொகையைக் கொஞ்சம் குறைத்து அதே விலைக்குள் எடுத்துக்கொண்டார். கம்மை மருத்துவர் சொன்னபடி வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். கடைசிக் கம் மென்ற நாளைக் காலண்டரில் குறித்து, அங்கிருந்து 12 மாதம் முடிந்ததும் புகைக்காதவராகப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். புதிய பாலிசி கைக்கு வரும்வரை பழையதன் பிரீமியத்தை நிறுத்தக் கூடாது என்றும்.