மிதந்த காரைத் தரையில் நிறுத்திய விதம்

ஸ்டுடியோவில் படமெடுத்த காரை எடிட்டிங் மென்பொருளில் வெட்டி, மழையில் நனைந்த தார்ச்சாலைப் படத்தில் வைத்தபோது, அது தரைக்கு மேலே மிதப்பதுபோலவே தெரிந்தது. இரண்டு படங்களிலும் அடிவானமும் ஒளியின் திசையும் பொருந்தியிருந்தன. நிழலைக் கருமையாக்கினேன், மங்கலாக்கினேன், அகலமாக்கினேன். நாட்கள் போயினவே தவிர மிதப்பு போகவில்லை.

டயரின் அடியை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. ரப்பர் தரையைத் தொடும் இடத்தில் ஒளி நுழைய வழியே இல்லை. அங்கே நிழல் ஏறத்தாழக் கறுப்பாக, கூரிய விளிம்புடன் இருக்க வேண்டும். என் நிழலோ எங்கும் ஒரே மென்மையில் இருந்தது. ஆகவே அடியில் உள்ள படத்தைக் கருமையாக்கும் Multiply முறையில் இரண்டு லேயர்கள் வைத்தேன். ஒன்றில் காரின் அடிவயிற்றுக்குக் கீழே பரவும் மென்மையான நிழல். மற்றொன்றில் ஒவ்வொரு டயருக்கும் சில பிக்சல் உயரமே உள்ள கறுப்புக் கீற்று. எடை தாங்கும் டயரின் அடி சற்றுத் தட்டையாக இருக்கும். கீற்றின் நீளமும் அவ்வளவுதான். கார் உடனே தரையில் அமர்ந்துவிட்டது. பெரிய நிம்மதி.

அடுத்தது ஈரத்தரைப் பிரதிபலிப்பு. முகப்பும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணத்தில் கார் நின்றதால், முழுப் படத்தையும் தலைகீழாக்கினால் ஒரு டயர் பொருந்தும், மற்றது விலகும். பக்கவாட்டையும் முகப்பையும் தனித்தனியே வெட்டித் தலைகீழாக்கி, ஒவ்வொரு டயரும் தன் பிரதிபலிப்பைத் தொடும்வரை Skew மூலம் சாய்த்தேன்.

பலர் கவனிக்காத ஒன்று: கதவின் கீழ்ப்பகுதியில் ஸ்டுடியோவின் வெள்ளைத் தரை இன்னும் ஒரு பட்டையாகப் பிரதிபலித்துப் பளிச்சிட்டது. அந்தப் பட்டையின் மேல் சாலையின் சாம்பல் நிறத்தை மெல்லப் பூசினேன்.