மோட்டார் போட்டால் ஆடும் எடை: நீண்ட கம்பியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல் அரவை ஆலை ஒன்றில் ஹாப்பருக்கு எடை காட்டும் கருவி செய்து கொடுத்தேன். ஹாப்பர் 500 கிலோ லோடு செல் ஒன்றில் தொங்குகிறது. அதற்குப் பக்கத்துப் பெட்டியில் 10 வோல்ட் சப்ளை இருக்கிறது, அதன் மைனஸ் இயந்திரச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. சிக்னல் கம்பிகள் இரண்டு மட்டும் 30 மீட்டர் தாண்டி அலுவலக அறைக்கு வருகின்றன, ஆம்ப்ளிஃபயர் போர்டு அங்கே. மோட்டார் ஓடாதபோது எண் அசையாமல் நின்றது. எலிவேட்டர் மோட்டாரைப் போட்டதும் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், ஏறினாலும் இறங்கினாலும் இரண்டரைக் கிலோவுக்கு மேல். ஹாப்பரில் ஒரு நெல்மணிகூட விழவில்லை.

இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். அந்த லோடு செல் 2 மில்லிவோல்ட்/வோல்ட் வகை. 10 வோல்ட் கொடுத்தால் முழு 500 கிலோவுக்கும் சேர்த்தே 20 மில்லிவோல்ட்தான் தரும். ஒரு கிலோவுக்கு 40 மைக்ரோவோல்ட். ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சுமந்து வரும் இரண்டு கம்பிகளும் லோடு செல்லுக்குள் நான்கு ரெசிஸ்டர்களாலான பிரிட்ஜின் நடுவிலிருந்து கிளம்புவதால், இரண்டிலுமே 5 வோல்ட் நிற்கிறது. அதோடு ஹாப்பர் பக்கத்து எர்த்தும் அலுவலக எர்த்தும் ஒன்றல்ல. மோட்டார் ஓடும்போது இரண்டுக்கும் நடுவே 1 வோல்ட் உச்சம் வரை 50 ஹெர்ட்ஸ் அலை இருந்தது. அந்த அலையும் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் பொதுவான இந்தப் பகுதியைத்தான் காமன் மோடு என்கிறோம். நமக்குத் தேவையான ஒரு கிலோவை விட இந்த அலை 25,000 மடங்கு பெரியது.

இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக இன்-ஆம்ப், இதை எப்படிப் பிரிக்கிறது? உள்ளே மூன்று ஆப்-ஆம்ப்கள். முதல் இரண்டும் ஆளுக்கு ஒரு கம்பியை வாங்கிக்கொள்கின்றன. அவற்றின் நடுவே ஒரே ஒரு ரெசிஸ்டர், Rg. இரண்டு கம்பிகளும் சேர்ந்தாற்போல ஏறினால் Rg-இன் இரு முனைகளும் சேர்ந்தே ஏறும், அதில் மின்னோட்டம் போகாது. ஆகவே காமன் மோடு பெருகாமல் அப்படியே வெளியே வருகிறது. கம்பிகளுக்குள் வித்தியாசம் இருந்தால் மட்டும் Rg-இல் மின்னோட்டம் ஓடும், அதுதான் பெருகும். மூன்றாவது ஆப்-ஆம்ப் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, பொதுவாக இருந்ததை நீக்குகிறது. INA128 சிப்பில் கணக்கு `G = 1 + 50k/Rg`. நான் 249 ஓம் போட்டேன், பெருக்கம் சுமார் 200. காமன் மோடை எவ்வளவு நீக்குகிறது என்பதைச் சொல்லும் எண் சி.எம்.ஆர்.ஆர்., இந்தப் பெருக்கத்தில் அது குறைந்தது 120 டெசிபல் என்று டேட்டாஷீட் சொல்கிறது. அதாவது 1 வோல்ட் காமன் மோடு உள்ளே 1 மைக்ரோவோல்ட் போலத்தான் தெரிய வேண்டும். எடையில் 25 கிராம்.

அப்படியானால் இரண்டரைக் கிலோ எங்கிருந்து வந்தது? இன்-ஆம்ப் நீக்குவது இரண்டு பக்கமும் சமமாக இருப்பதை மட்டும்தான். நான் செய்ததும், மற்றவர்கள் போர்டுகளில் பார்த்ததுமான தவறுகள் எல்லாமே இந்தச் சமத்தை எங்கோ ஓரிடத்தில் கெடுத்தவைதான்.

ஒரே ஆப்-ஆம்பில் முடித்துக்கொள்வது

நான்கு ரெசிஸ்டர் போட்டு ஒரு ஆப்-ஆம்பிலேயே கழித்தல் செய்யலாமே என்று பலர் தொடங்குகிறார்கள். பாடப் புத்தகத்தில் இந்தச் சர்க்யூட் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே ரெசிஸ்டர்கள் துல்லியமானவை. கடையில் வாங்கிய 1% ரெசிஸ்டர்களோடு 200 மடங்கு பெருக்கினால், மோசமான சேர்க்கையில் சி.எம்.ஆர்.ஆர். 74 டெசிபலுக்கு இறங்கிவிடும். நம் 1 வோல்ட் அலை 5 கிலோ ஆட்டமாகிவிடும். இதைவிடப் பெரிய தொல்லை, வெளிக் கம்பியின் தடையும் அந்த நான்கு ரெசிஸ்டர்களோடு சேர்ந்துகொள்வது. உள்ளீட்டில் 1 கிலோஓம் வைத்திருக்கும்போது, ஜங்ஷன் பெட்டியில் ஒரு திருகு துருப்பிடித்து 10 ஓம் கூடினால், சமத்தில் 1% போய்விடும். இன்-ஆம்பின் உள்ளீடு கிகாஓம் கணக்கில் இருப்பதால் அந்த 10 ஓம் அதற்குத் தெரியவே தெரியாது. நீண்ட கம்பிக்கு இன்-ஆம்ப் தேவைப்படுவதற்கு முக்கியக் காரணமாக நான் சொல்வது இதைத்தான்.

REF காலில் ரெசிஸ்டர் டிவைடர்

நான் செய்த தவறு இதுதான். இதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அதனால் கண்டுபிடித்த விதத்தையும் சொல்கிறேன். முதலில் லோடு செல் முனையில் இரண்டு சிக்னல் கம்பிகளையும் பிரிட்ஜின் ஒரே முனையில் சேர்த்தேன். இப்போது வித்தியாசம் பூஜ்யம், 5 வோல்ட்டும் 50 ஹெர்ட்ஸ் அலையும் மட்டும் அப்படியே வருகின்றன. ஆட்டம் நிற்கவில்லை. அடுத்து போர்டு முனையில் ஒரு சிக்னல் கம்பியைக் கழற்றிவிட்டு, மற்ற கம்பியையே இரண்டு உள்ளீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அப்போதும் ஆட்டம் இருந்தது. இரண்டாவது சோதனையில் அமைதியாகியிருந்தால் குற்றம் கம்பியில். நிற்காததால் போர்டில்.

வெளியீடு பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இருக்க, REF காலுக்கு 0.5 வோல்ட் கொடுத்திருந்தேன். 5 வோல்ட்டிலிருந்து 18 கிலோஓம், 2 கிலோஓம் டிவைடர். REF கால் வெறும் வோல்டேஜ் பார்க்கும் கால் அல்ல. கழித்தல் செய்யும் மூன்றாவது ஆப்-ஆம்பின் நான்கு 40 கிலோஓம் ரெசிஸ்டர்களில் ஒன்றின் கடைசி முனை அது. என் டிவைடரின் 1.8 கிலோஓம் அதோடு தொடராகச் சேர்ந்ததும், ஒரு கை 41.8 கிலோஓம், மற்றவை 40. தொழிற்சாலையில் லேசரால் சரிசெய்து கொடுத்த சமத்தை நானே கெடுத்துவிட்டேன். கணக்குப் போட்டால் 1 வோல்ட் காமன் மோடு வெளியீட்டில் 22 மில்லிவோல்ட் ஆகிறது. உள்ளீட்டுக்குத் திருப்பினால் 110 மைக்ரோவோல்ட், எடையில் 2.75 கிலோ. பார்த்த ஆட்டமும் அந்த அளவுதான்.

மேசையில் சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை? அங்கே அலை இல்லை. நிலையான 5 வோல்ட்டும் பிழை தரத்தான் செய்தது, ஆனால் அது மாறாத பிழை என்பதால் டேர் பட்டனை அழுத்தியதும் மறைந்துவிட்டது. ஆலையில் ஆட்டம் மெதுவாக இருந்ததற்கும் காரணம் உண்டு. என் கருவி நொடிக்கு 10 முறை படித்தது. மின்வாரிய மின்சாரம் சரியாக 50 ஹெர்ட்ஸில் நிற்பதில்லை. அது 49.95 என்றால், அந்த வேகத்தில் படிப்பவருக்கு அலை 20 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதாகத் தெரியும். நானும் லோடு செல் சூடாகிறதோ என்று இரண்டு நாள் வீணாக்கினேன். டிவைடருக்கும் REF-க்கும் நடுவே ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வைத்ததும் எண் நின்றது.

உள்ளீட்டு ஃபில்டரில் பெரிய மதிப்புகள்

இரைச்சல் என்றதும் இரண்டு உள்ளீட்டிலும் 10 கிலோஓமும், தரைக்கு 10 நானோஃபேரட்டும் போடுவது வழக்கம். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு எழுதியிருந்தாலும் கெப்பாசிட்டர்கள் ஒன்றாக இருப்பதில்லை. 5% வேறுபாடு சாதாரணம். 50 ஹெர்ட்ஸில் இந்த ஃபில்டர் அலையைச் சற்றே பின்தள்ளுகிறது, இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பின்தள்ளுகிறது. அந்த வேறுபாடு 1 வோல்ட்டுக்கு 1.57 மில்லிவோல்ட். 39 கிலோ! காமன் மோடாக வந்தது இங்கே உண்மையான வித்தியாசமாகவே மாறிவிடுகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல இன்-ஆம்ப் இருந்தாலும் அதைப் பிரிக்க முடியாது.

ஃபில்டரே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. 120 டெசிபல் என்பது குறைந்த அதிர்வெண்ணில் மட்டும். ரேடியோ அலைகளிடம் சிப் அந்தப் பலத்தை இழந்து, அவற்றை மாறாத டி.சி. வோல்டேஜாக மாற்றி எடையில் சேர்த்துவிடும். பக்கத்தில் நின்று ஒருவர் வாக்கி-டாக்கியில் பேசினால் எண் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பது இப்படித்தான். ஆகவே 1 கிலோஓம், 1 நானோஃபேரட் போதும். அதிலும் சி0ஜி வகை கெப்பாசிட்டராக வாங்கினால் 1% வேறுபாட்டில் 50 ஹெர்ட்ஸ் பிழை 80 கிராமுக்கு வந்துவிடும். இரண்டு உள்ளீட்டுக்கும் குறுக்கே இன்னொரு 10 நானோஃபேரட் போடுங்கள். அது இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை, ரேடியோ அலை வித்தியாசமாக மாறினாலும் அதைக் குறைத்துவிடும். 50 ஹெர்ட்ஸைக் கொல்லும் பெரிய ஃபில்டரை இன்-ஆம்புக்குப் பின்னால் வையுங்கள், அங்கே சிக்னல் ஒற்றைக் கம்பியாகிவிட்டது.

ஜோடியைப் பிரிப்பது

கேபிளில் இரண்டு முறுக்கு ஜோடிகள் இருந்தால், சிக்னல் இரண்டும் ஒரே ஜோடியில் வர வேண்டும். நிறம் பார்த்து மாட்டுபவர்கள் சிக்னல் பிளஸ்ஸை ஒரு ஜோடியிலும் மைனஸ்ஸை மற்றதிலும் போட்டுவிடுகிறார்கள். மோட்டார் கேபிளின் காந்தப்புலம் இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான பரப்பில் நேரடியாக வித்தியாசத்தைத் தூண்டிவிடும். இன்-ஆம்புக்கு அதுவும் எடைதான். மேலே சொன்ன சோதனையில் லோடு செல் முனையில் சேர்த்தால் ஆடி, போர்டு முனையில் சேர்த்தால் நின்றால், முதலில் ஜோடிகளைப் பாருங்கள்.

எல்லையை மறப்பது

காமன் மோடை நீக்க, இன்-ஆம்ப் முதலில் அதைத் தாங்க வேண்டும். INA128-க்கு உள்ளீடு இரண்டு சப்ளைகளிலிருந்தும் 2 வோல்ட் உள்ளே இருக்க வேண்டும். ±12 வோல்ட்டில் 5 வோல்ட்டும் அலையும் சௌகரியமாக அடங்கும். அதே சிப்பை ஒற்றை 5 வோல்ட்டில் ஓட்டி, லோடு செல்லுக்கும் 5 வோல்ட் கொடுத்தால், காமன் மோடு 2.5 வோல்ட், இடம் 2-க்கும் 3-க்கும் நடுவே மட்டும். 1 வோல்ட் அலை வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே போய்வரும். சராசரி எடுக்கும் கருவியில் இது ஆட்டமாகத் தெரியாது, தவறான எடையாக நிற்கும். ஆஸிலோஸ்கோப்பில் ஒரு உள்ளீட்டைத் தரைக்கு எதிராகப் பார்த்தால்தான் புரியும்.

இதே எல்லை வேறு விதத்திலும் எங்களைப் பிடித்தது. இன்-ஆம்பின் உள்ளீடுகளுக்குச் சில நானோஆம்பியராவது மின்னோட்டம் தேவை, அது திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். எங்கள் ஏற்பாட்டில் அந்த வழி கட்டிட எர்த் மட்டும்தான். ஒரு நாள் வெல்டிங் வேலைக்காக ஹாப்பர் பெட்டியின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். சப்ளை அந்தரத்தில் தொங்கியதும் இரண்டு சிக்னல் கம்பிகளும் சேர்ந்து நகர்ந்துகொண்டே போய் எல்லையில் முட்டின, காலியான ஹாப்பர் 300 கிலோ காட்டியது. அன்றே லோடு செல் சப்ளையின் மைனஸிலிருந்து போர்டின் தரைக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகத் தனிக் கம்பி இழுத்தேன். எர்த்துகளுக்கு நடுவே பெரிய மின்னோட்டம் அதில் ஓடாது, நானோஆம்பியருக்கு அது தாராளம்.