கணக்கு பார்ப்பவர் திடீரென்று விலகினால்: சிறிய நிறுவனத்துக்கான மாற்று ஏற்பாடு

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் 14 பேர் வேலை செய்யும் ஒரு மின்சாரக் குத்தகை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். சம்பளம், மத்திய சேம நிதி, வேலை அனுமதிப் புதுப்பிப்பு, முடித்த வேலைக்குப் பணம் கேட்டு மெயின் கான்ட்ராக்டருக்கு அனுப்பும் மாதக் கிளெய்ம் எல்லாமே அலுவலகத்தில் இருக்கும் ஓர் அக்காவின் கையில். அவர் வேலையை விடுகிறேன் என்றால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லையென்றால் வேலை நியமனச் சட்டம் தரும் முன்னறிவிப்புக் காலம்தான். 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 4 வாரம். மிச்சமிருக்கும் விடுப்பை அதில் கழித்தால் இன்னும் குறையும். அதனால் அவர் இருக்கும்போதே தொடங்குங்கள்.

படி 1: தேதிகளை எழுதுங்கள்

பணி விவரக் குறிப்பு இங்கே உதவாது. எந்தத் தேதிக்குள் எது முடிய வேண்டும் என்று ஒரு மாத அட்டவணை போடுங்கள். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம். அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குள் மத்திய சேம நிதி. தாமதமானால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. பொருள் சேவை வரிக்குப் பதிந்திருந்தால், கணக்குக் காலம் முடிந்த ஒரு மாதத்துக்குள் அந்தப் படிவம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, தகவல் யாரிடமிருந்து வருகிறது, யார் ஒப்புதல் தர வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நுழைவு உரிமைகளைச் சரிசெய்யுங்கள்

வேலை நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைவது கார்ப்பாஸ் வழியாக, அதுவும் அவரவர் சொந்த சிங்பாஸைக் கொண்டு. ஆள் போனால் அந்த வழியும் போய்விடும். சிங்பாஸைப் பகிர்ந்துகொள்வது மாற்று ஏற்பாடே அல்ல, செய்யவும் கூடாது. கார்ப்பாஸில் நிர்வாகியாக இரண்டு பேரை வையுங்கள். பதிலாளுக்குத் தேவையான சேவைகளை அவர் பெயரிலேயே இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

வங்கியிலும் அப்படித்தான். பணம் அனுப்பப் பதிபவர், ஒப்புதல் தருபவர் என இரண்டு பங்குக்கும் ஆளுக்கொரு மாற்று வேண்டும். அப்புறம் மின்னஞ்சல். வேலை அனுமதிப் புதுப்பிப்பு நினைவூட்டல் அக்காவின் சொந்த முகவரிக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நிறுவனத்தின் பொது முகவரிக்கு மாற்றுங்கள்.

படி 3: பதிலாளைத் தேர்ந்தெடுங்கள்

ஒருவரே எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. சம்பளம் பார்ப்பவருக்கு எல்லாருடைய சம்பளமும் தெரிந்துவிடும். எனவே சிறிய இடத்தில் அதை முதலாளியோ இன்னோர் இயக்குநரோ கற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கிளெய்மை சைட் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுக்கலாம். கூடுதல் வேலைக்கு ஒரு படித்தொகையும் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது மாதமே அது பின்னுக்குப் போய்விடும்.

அக்காவிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள். “நீங்க நிம்மதியா லீவுல போகணும், அதுக்குத்தான்” என்று சொல்லி, அப்படியே நடந்துகொள்ளுங்கள். தன்னை அனுப்பப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் பாதி விஷயம் வெளியே வராது.

படி 4: கைமாற்றிச் செய்யுங்கள்

முதல் மாதம் அக்கா செய்ய, பதிலாள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். குறிப்பைப் பதிலாளே எழுதுவது முக்கியம். பழகியவர் எழுதினால் தனக்குச் சாதாரணமாகிவிட்டதை விட்டுவிடுவார். இரண்டாவது மாதம் பதிலாள் செய்ய வேண்டும். அக்கா பார்க்கலாம், கணினியைத் தொடக்கூடாது.

கிளெய்ம் வேலையில்தான் எழுதாத விஷயம் அதிகம். எந்த சைட்டில் எந்த அதிகாரி, கையெழுத்திட்ட வேலைத்தாள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார், யார் கூடுதல் வேலைக்குத் தனித்தாள் கேட்பார் என்பதெல்லாம் அவர் மனதில் மட்டுமே இருக்கும். ஒப்பந்தத் தேதியைத் தவறவிட்டால் அந்தப் பணம் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகலாம். சைட்டுக்கு ஒரு பக்கம் என்று எழுதிவையுங்கள்.

படி 5: ஒத்திகை

மாதத்தின் முதல் இரண்டு வாரத்துக்குள் அக்காவை ஒரு வாரம் முழு விடுப்பில் அனுப்புங்கள். சும்மா இருக்கும் வாரத்தில் ஒத்திகை பார்த்துப் பயனில்லை. அவரை ஃபோனில் கூப்பிடாமல் சமாளிக்க வேண்டும். கூப்பிட நினைத்த ஒவ்வொரு தடவையும், எதற்காக என்று எழுதுங்கள். “ஒப்புதல் டோக்கன் முதலாளியின் பழைய ஃபோனில்”, “புது ஊழியரின் வங்கி எண் எந்தக் கோப்பில்?” என்பது போல வரும். அந்தப் பட்டியல்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டியது. முடித்துவிட்டு, மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் பாருங்கள்.

உண்மையிலேயே விலகும்போது

முன்னறிவிப்புக் காலத்தில், வழக்கமாக வராத வேலைகளை முதலில் கேளுங்கள்: ஆண்டு வருமான விவரம் சமர்ப்பிப்பது, காப்புறுதி புதுப்பிப்பது போன்றவை. மாத வேலைதான் ஏற்கெனவே கைமாறிவிட்டதே. கடைசி நாளன்று கார்ப்பாஸ், வங்கி, மின்னஞ்சல் மூன்றிலும் அவருடைய உரிமையை நீக்குங்கள். வங்கியில் பெயர் நீக்க இயக்குநர்களின் தீர்மானம் கேட்கக்கூடும், அந்தத் தாளை முந்தைய வாரமே தயாராக வைத்திருங்கள்.