ஜோக்கில் "ரொம்ப", "எதையும்" வந்தால் கவனியுங்கள்

"எங்க மாமா ரொம்பக் கஞ்சன், எதையும் வீணாக்க மாட்டார்." இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் முடிவை நாமே சொல்லிவிட்டோம், கேட்பவர் மனதில் பார்க்க ஒன்றுமே இல்லை. இப்போது இப்படி மாற்றிப் பாருங்கள்: "எங்க மாமா தினமும் தூங்கப் போகும்போது சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார். காலையில் எழுந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மணி கேட்பார்."

கஞ்சன் என்ற சொல்லே இதில் இல்லை, கவனித்தீர்களா? கேட்பவர் அந்தப் பேட்டரியையும் கதவையும் மனதில் பார்த்து, அட, இவ்வளவு கஞ்சனா என்று தானாகவே கண்டுபிடிக்கிறார், அந்த நொடியில்தான் சிரிப்பு வருகிறது. அதனால் அந்தச் சொல்லை முதலில் வெட்டுங்கள், அப்புறம் அந்த ஆள் கையால் செய்யும் ஒரு காரியத்தை வையுங்கள்.

ஆனால் விவரம் என்றதும் கடிகாரத்தின் நிறம், மாமாவின் வயது, வீட்டில் எத்தனை அறை என்று அடுக்கினால் ஜோக் படுத்துவிடும். கஞ்சத்தனத்தைக் காட்டாத விவரம் எதுவும் வேண்டாம். வரிசையும் முக்கியம், பக்கத்து வீட்டை முதலிலேயே சொல்லிவிட்டால் பேட்டரி வரும்போது சிரிக்க எதுவும் மிச்சம் இருக்காது.